கையை மீறியதா, கட்டுப்படியாகவில்லையா?

"எமது கட்டுப்பாட்டை மீறிய காரணங்களால்" என்று தொடங்கும் அறிவித்தல்களைப் படித்துப் படித்து நமக்குச் சலித்துவிட்டது. ஒரு முறை வரட்சி என்பார்கள், ஒரு முறை அடைமழை என்பார்கள். பிறகு உரம் இல்லை, டீசல் இல்லை, கொழும்பு ஏலத்தில் விலை இல்லை என்பார்கள். காரணம் மாறும், முடிவு மாறாது: வாக்குக் கொடுத்ததைச் செய்ய முடியாது, அதனால் வரும் நட்டம் தொழிலாளிக்கு.

இந்த "முடியாது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. சட்டம் அவற்றை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. நிர்வாகமோ மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நம் தலையில் வைக்கிறது. அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறோம்.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் உண்டு. நாட்சம்பளத்தை விட்டுவிட்டு, தேயிலை மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும் வெளியார் உற்பத்தி முறையைக் கம்பனிகள் முன்னே தள்ளுகின்றன. செடியைப் பராமரித்துக் கொழுந்து பறித்துக் கொடுங்கள், கிலோ கணக்கில் காசு தருகிறோம் என்கிறார்கள். செக்ரோலில் பெயர் உள்ளவருக்குத் தொழிற்சட்டம் காவல். செக்ரோலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு ஒரு தாளில் கையொப்பம் வாங்கினால், "நீங்கள் தொழிலாளி இல்லை, ஒப்பந்தக்காரர்" என்று நாளை வாதாடலாம். அந்த வாதம் எடுபட்டால், நமக்கும் கம்பனிக்கும் நடுவில் அந்தத் தாளும் ஒப்பந்தச் சட்டமும்தான் மிஞ்சும். ஆகவே ஒப்பந்தம் எப்போது சாகும், எப்போது தூங்கும், எப்போது பிறக்காமலே போகும் என்பது நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

மூன்று கதவுகள்

முதலாவது, தவறு. ஒப்பந்தம் செய்கிற வேளையிலேயே அடிப்படையான ஒரு விஷயம் பொய்யாக இருக்கிறது, ஆனால் இரு தரப்புக்கும் அது தெரியாது. இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பிக் கைகுலுக்கிவிட்டார்கள். அப்படியானால் ஒப்பந்தம் பிறக்கவே இல்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் ஃபிரஸ்ட்ரேஷன் என்கிறார்கள். ஒப்பந்தம் பயனற்றுப் போதல் என்று நாம் சொல்லலாம். ஒப்பந்தம் ஒழுங்காகப் பிறந்தது, ஒழுங்காக நடந்தது. பிறகு யாருடைய குற்றமும் இல்லாமல் ஒரு நிகழ்ச்சி வந்து, பேசிய காரியத்தையே செய்ய முடியாததாக, அல்லது முற்றிலும் வேறொரு காரியமாக ஆக்கிவிடுகிறது. அந்த நொடியில் ஒப்பந்தம் தானாகவே முடிகிறது. யாரும் அறிவித்தல் ஒட்டத் தேவையில்லை. அதுவரை உழைத்துச் சேர்ந்த கூலி அழியாது. அதற்குப் பிறகு இரு தரப்புக்கும் கடமை இல்லை.

மூன்றாவது, ஃபோர்ஸ் மஜ்யூர் வாசகம். இது பிரெஞ்சுப் பெயர், மேலான வலிமை என்று பொருள். இது சட்டம் தானாகத் தருவது அல்ல. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. "வெள்ளம், தீ, யுத்தம், வேலைநிறுத்தம், அரச தடை ஆகியவை ஏற்பட்டால் இன்ன கடமையிலிருந்து விலக்கு" என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு வைப்பது அது. பெரும்பாலும் அது ஒப்பந்தத்தைக் கொல்வதில்லை. அந்த நிலைமை தீரும்வரை கடமையை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான்.

தவறு என்பது கையொப்பத்துக்கு முன்னால் உள்ளது. பயனற்றுப் போதல் கையொப்பத்துக்குப் பின்னால் வருவது. வாசகம் கையொப்பத்துக்குள்ளேயே இருப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நமது நாட்டின் பொதுவான ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். நிறைவேற்ற முடியாமல் போன கடமை ஒழியும் என்ற கொள்கை அதிலும் உண்டு. ஆனாலும் இந்த விஷயத்தில் சட்டத்தரணிகள் எடுத்து வைப்பவற்றில் ஆங்கிலத் தீர்ப்புகள் முக்கியமானவை. அவற்றில் சிலவற்றைத் தெரிந்துகொள்வோம். எல்லாமே வியாபாரிகளும் முதலாளிகளும் தங்களுக்குள் போட்ட வழக்குகள்தான். அதனால்தான் அவை நமக்கு இன்னும் பயனுள்ளவை. முதலாளிக்கு முதலாளி சொன்ன சாக்கையே நீதிமன்றம் ஏற்கவில்லை என்றால், அதே சாக்கை நம்மிடம் சொல்ல என்ன உரிமை?

ஒரு மணித்தியால வித்தியாசம்

1902ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு முடிசூட்டு விழா நடக்க இருந்தது. ஊர்வலம் போகும் தெருவில் உள்ள வீட்டுக்காரர்கள் எல்லாம் ஜன்னலோர அறைகளை வாடகைக்கு விட்டார்கள். ஹென்றி என்பவர் ஜூன் 20ஆம் திகதி, கிரெல் என்பவரின் அறைகளை இரண்டு நாள் பகலுக்கு 75 பவுணுக்குப் பேசி 25 பவுண் முற்பணம் கொடுத்தார். நான்கு நாள் கழித்து மன்னருக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று டொக்டர்கள் முடிவெடுத்தார்கள். ஊர்வலம் நின்றது. மீதி 50 பவுணைக் கேட்டுக் கிரெல் வழக்குப் போட்டுத் தோற்றார். அறை இடியவில்லை, கதவு பூட்டவில்லை, ஆனால் ஊர்வலம் பார்ப்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் உயிர் என்பது இரு தரப்புக்கும் தெரியும். அந்த உயிர் போய்விட்டது. இது பயனற்றுப் போதல்.

கிரிபித் என்ற இன்னொருவர் ஜூன் 24ஆம் திகதி காலை 11 மணிக்கு 100 பவுணுக்கு ஓர் அறையைப் பேசிப் பணத்தையும் கொடுத்தார். ஆனால் மன்னருக்குச் சத்திரசிகிச்சை என்ற முடிவு அன்று காலை 10 மணிக்கே எடுக்கப்பட்டிருந்தது. பேசிய இருவருக்கும் அது தெரியாது. நடக்காது என்று முடிவாகிவிட்ட ஊர்வலத்துக்கு அறை பேசினார்கள். இது தவறு. ஒப்பந்தம் பிறக்கவே இல்லை என்று சொல்லி நீதிமன்றம் 100 பவுணையும் திருப்பிக் கொடுக்க வைத்தது.

கிரெல் வழக்கில் கொடுத்த 25 பவுண் வீட்டுக்காரரிடமே தங்கியது. கிரிபித்துக்கோ முழுப் பணமும் திரும்பியது. மன்னரின் நோய் ஒன்றுதான். ஒப்பந்தம் அதற்கு முன்னா பின்னா என்பதுதான் வித்தியாசம். எனவே நிர்வாகம் ஒரு காரணத்தைச் சொன்னால் நமது முதல் கேள்வி: அது எந்தத் திகதியில் நடந்தது? நாங்கள் கையொப்பம் வைத்தது எந்தத் திகதி?

கப்பலும் கடலையும்

இனி மிகவும் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். செய்ய முடியாதது வேறு, செய்தால் நட்டம் வருவது வேறு. நிர்வாகங்கள் இரண்டாவதைக் காட்டி முதலாவதன் சலுகையைக் கேட்கின்றன.

1956ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு வியாபாரி, சூடான் நாட்டு நிலக்கடலை 300 தொன்னை ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்கு அனுப்புவதாக விற்றார். நவம்பர், டிசம்பரில் கப்பலேற்ற வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் யுத்தத்தால் சுயெஸ் கால்வாய் மூடப்பட்டது. சூடானிலிருந்து ஐரோப்பாவுக்கு வழக்கமான வழி அதுதான். இனி ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக வேண்டும். தூரம் இரண்டு மடங்குக்கும் மேல், கப்பல் கூலி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வியாபாரி கடலையை அனுப்பவில்லை. ஒப்பந்தம் பயனற்றுப் போய்விட்டது என்றார். அத்தோடு ஒப்பந்தத்தில் ஃபோர்ஸ் மஜ்யூர் வாசகமும் இருக்கிறது என்றார்.

1961இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை இரண்டு வாதத்தையும் தள்ளிவிட்டது. கப்பல் போகலாம், வழி நீளம், செலவு அதிகம், அவ்வளவுதான். நிலக்கடலை வழியில் கெட்டுப்போகிற பொருளும் அல்ல, இந்தத் திகதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆகவே பேசிய காரியம் வேறொரு காரியமாக மாறிவிடவில்லை. வாசகமோ கப்பலேற்றுவது தடைப்பட்டால் மட்டும் விலக்கு என்றது. துறைமுகத்தில் கப்பலேற்ற எந்தத் தடையும் இல்லை. வாசகம் என்ன சொல்கிறதோ அந்த அளவுக்குத்தான் அது காக்கும், ஓர் அங்குலம் கூட நீளாது.

ஆள் பற்றாக்குறை என்ற சாக்கும் நீதிமன்றம் பார்த்ததுதான். இங்கிலாந்தில் ஒரு கட்டட கம்பனி, உள்ளூராட்சிச் சபை ஒன்றுக்கு 78 வீடுகளை 8 மாதத்தில் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது. வேலையாளும் பொருளும் போதாமல் 22 மாதம் ஆனது. செலவு எகிறியது. பழைய ஒப்பந்தம் பயனற்றுப் போனது, எங்களுக்கு மேலதிகமாகப் பணம் வேண்டும் என்று கேட்டது. 1956இல் அதே பிரபுக்கள் சபை மறுத்தது. கஷ்டமும் நட்டமும் மட்டும் ஒப்பந்தத்தைக் கொல்லாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

தேயிலை விலை ஏறினாலும் இறங்கினாலும் ஏலம் ஏலம்தான். விலை இறங்கும் என்பது தேயிலை விற்கிறவர்களுக்குத் தெரியாத புதினமா? விலை ஏறிய மாதங்களில் "எதிர்பாராத இலாபம் வந்துவிட்டது, ஒப்பந்தம் பயனற்றுப் போனது, உங்களுக்குக் கூடத் தருகிறோம்" என்று எந்தத் துரையாவது பிரட்டுக்களத்தில் வந்து சொன்னாரா?

தன் கையால் வந்த வினை

இன்னொரு வாசலும் அடைக்கப்பட்டிருக்கிறது. தானே உண்டாக்கிய நெருக்கடியைக் காட்டி யாரும் தப்ப முடியாது.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு மீன்பிடிக் கம்பனி ஐந்து இழுவைப் படகுகளை வைத்து நடத்தியது. அவற்றில் ஒன்று இன்னொருவரிடம் வாடகைக்கு எடுத்தது. அந்த வகைப் படகுக்கு அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஐந்துக்கும் கேட்டார்கள், மூன்று கிடைத்தது. எந்த மூன்று படகுக்கு என்று தெரிவு செய்யும் உரிமை கம்பனியிடமே விடப்பட்டது. கம்பனி வாடகைப் படகை விட்டுவிட்டு வேறு மூன்றின் பெயரைக் கொடுத்தது. பிறகு "அனுமதி இல்லை, வாடகை ஒப்பந்தம் பயனற்றுப் போனது" என்றது. வழக்கு பிரித்தானியப் பிரிவி கவுன்சில் வரை போனது. 1971 வரை நமது நாட்டு வழக்குகளுக்கும் அதுதான் கடைசி நீதிமன்றம். 1935இல் அது சொன்ன முடிவு: அனுமதி இல்லாமல் போனது அரசால் அல்ல, உங்கள் தெரிவால். வாடகையைக் கட்டுங்கள்.

இதைத் தோட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இருக்கிற உரத்தை எந்த மலைக்குப் போடுவது, இருக்கிற லொறியை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரிவு செய்தது யார்? வடிகானைத் துப்புரவாக்காமல் விட்டது யார்? தெரிவு செய்தவர்கள் பிறகு "கையை மீறியது" என்று சொல்ல முடியாது.

ஒரு குடும்பம், ஒரு துண்டு மலை

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1,500 தேயிலைச் செடியைப் பொறுப்பேற்கிறது. கம்பனி உரமும் மருந்தும் தரவேண்டும், பறித்த கொழுந்தைக் கிலோ 100 ரூபாய்க்கு வாங்க வேண்டும். குடும்பம் புல் வெட்டிச் செடி பார்த்துக் கொழுந்து பறிக்க வேண்டும். ஒப்பந்தம் மூன்று வருடம். எட்டாவது மாதத்தில் அறிவித்தல் வருகிறது: "தவிர்க்க முடியாத காரணங்களால் ஒப்பந்தம் நிறுத்தப்படுகிறது."

காரணம் ஏல விலை இறங்கியது என்றால், அது கடலை வியாபாரியின் கதை. ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. 100 ரூபாய்க்கு வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் அது ஒப்பந்த மீறல், நட்டஈடு கேட்கலாம்.

காரணம் தொழிற்சாலை எரிந்தது என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1861இல் லண்டனில் ஒரு கச்சேரி மண்டபம், வாடகைக்குப் பேசிய நாட்களுக்கு முன்பே எரிந்துபோனது. அந்த மண்டபமே ஒப்பந்தத்தின் அடிப்படை, அது அழிந்ததால் இரு தரப்பும் விடுபட்டது என்று 1863இல் தீர்ப்பு வந்தது. இந்தச் சட்டக் கொள்கையே அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆனால் நம் குடும்பத்தின் ஒப்பந்தம் கொழுந்தை வாங்குவது பற்றியது. கொழுந்தைப் பக்கத்துத் தொழிற்சாலைக்கு லொறியில் அனுப்ப முடியுமானால் கம்பனிக்குச் செலவு கூடும், முடியாமல் போகாது. "இன்ன தொழிற்சாலையில் அரைப்பதற்காக மட்டும்" என்று தாளில் எழுதியிருந்தால் கம்பனியின் வாதம் பலமாகும். கையொப்பத்துக்கு முன்பு அந்த ஒரு வரியைத் தேடிப் பார்ப்பது எவ்வளவு பெறுமதி என்று இப்போது தெரிகிறதா?

காரணம் மண்சரிவு, 1,500 செடியும் மண்ணோடு போய்விட்டது என்றால், அது உண்மையான பயனற்றுப் போதல். அதை நாம் மறுக்கக் கூடாது. கம்பனி கொழுந்து கேட்க முடியாது, நாம் இனிவரும் மாதங்களுக்குக் காசு கேட்க முடியாது. ஆனால் சரிவுக்கு முதல் நாள் வரை நிறுத்த கொழுந்தின் காசு ஒரு சதமும் குறையாமல் வர வேண்டும். செடி பாதி போய்ப் பாதி நிற்கிறது என்றால், முழு ஒப்பந்தமும் முடிந்தது என்று கம்பனி ஒரு வரியில் எழுதிவிட முடியாது. நிற்கிற பாதியில் ஒப்பந்தத்தின் நோக்கம் இன்னும் நிறைவேறுமா என்று பார்க்க வேண்டும்.

அந்த மலை சரியக்கூடியது என்பது ஒப்பந்தத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் கதையே வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அங்கு ஆபத்து உண்டு என்ற எச்சரிக்கை வருடங்களுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது என்பது அப்போதே வெளிவந்த செய்தி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு மலையை அபாயம் என்று குறித்த கடிதம் ஒப்பந்தத் திகதிக்கு முன்பே நிர்வாகத்தின் மேசையில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கம்பனி "எதிர்பாராதது" என்று சொல்ல முடியாது. "இருவருக்கும் தெரியாத தவறு" என்றும் சொல்ல முடியாது, அதற்குத் தெரியும். தெரிந்ததை மறைத்துக் கையொப்பம் வாங்குவதற்கு மோசடி என்றுதான் பெயர். தவறு என்ற கதவு இரு தரப்பும் அறியாதபோதுதான் திறக்கும்.

"நிறுத்தப்படுகிறது" என்ற சொல்லையும் விடாதீர்கள். தற்காலிகமாக நிறுத்துகிறோம் என்றால் அது வாசகத்தின் வேலை. எங்கே அந்த வாசகம், எந்த இலக்கப் பந்தி, அதில் இந்தக் காரணம் இருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்துவிட்டது என்றால் அது பயனற்றுப் போதல். செய்ய முடியாததாக்கிய நிகழ்ச்சி எது என்று கேளுங்கள். ஒப்பந்தம் செத்தும் இருக்கும், தூங்கியும் இருக்கும் என்று இரண்டையும் ஒரே தாளில் சொல்ல முடியாது.

கையொப்பத்துக்கு முன்

ஃபோர்ஸ் மஜ்யூர் வாசகத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. அது எப்படி எழுதப்படுகிறது என்பதைத்தான் எதிர்க்கிறோம். பட்டியலில் "சந்தை நிலைமை", "விலை வீழ்ச்சி", "உற்பத்திச் செலவு" என்ற சொற்கள் இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். சட்டம் தானாகத் தராத சலுகையை அவை பின்கதவால் வாங்கிக்கொடுக்கின்றன. கடலை வியாபாரி தோற்ற வழக்கை நம் கையொப்பத்தாலேயே கம்பனி வென்றுவிடும்.

வாசகம் இரு பக்கமும் வெட்டுகிறதா என்று பாருங்கள். மழைக்குக் கம்பனிக்கு விலக்கு உண்டென்றால், பறிக்கிற பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிற மாதத்தில் குடும்பத்துக்கும் விலக்கு வேண்டும். எத்தனை நாளுக்கு நிறுத்தி வைக்கலாம், அதற்கு மேல் போனால் என்ன என்பதும் எழுத்தில் வேண்டும். முடிவில்லாத நிறுத்தம் வேலைநீக்கத்தின் மாறுவேடம்.

சாட்சியைச் சேர்த்து வையுங்கள். பயனற்றுப் போனது என்று சொல்பவர் அந்த நிகழ்ச்சியை நிரூபிக்க வேண்டும். ஆனால் அது அவர் கையால் வந்தது என்று நாம் சொன்னால், அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும் என்று 1941இல் ஆங்கிலத் தீர்ப்பு ஒன்று வந்திருக்கிறது. ஆகவே கொழுந்து நிறுத்த துண்டு, ஒட்டிய அறிவித்தலின் படம், அடைபட்ட வடிகானின் படம், திகதியோடு எழுதிய முறைப்பாட்டின் பிரதி எல்லாம் தோட்டக் கமிட்டியிடம் இருக்கட்டும்.

செக்ரோலில் இருப்பவருக்கு

இன்றும் நாட்சம்பளத்தில் இருப்பவர்களிடம் நிர்வாகம் "கையை மீறியது" என்று சொன்னால், மேலே சொன்ன வழக்குகள் வரை போகவே தேவையில்லை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம் இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இல்லையேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்அனுமதி எழுத்தில் வேண்டும். நிறுவனத்தை மூடியதால் வேலை இல்லை என்பதும், தற்காலிகமாக வேலை இல்லை என்பதும் கூட அந்தச் சட்டத்தின் கணக்கில் வேலை முடிவுறுத்தல்தான். அனுமதி எங்கே என்பது ஒன்றுதான் கேள்வி. அந்த எழுத்து மூலமான சம்மதத்தை நாம் யோசிக்காமல் கொடுத்துவிடக் கூடாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

சர்வீஸ் காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், ஐந்து வருடம் பூர்த்தியானவரின் வேலை எந்த வழியில் முடிந்தாலும் பணிக்கொடை உண்டு என்கிறது. முதலாளி நிறுத்தினாலும், தொழிலாளி விலகினாலும், சட்டத்தின் இயக்கத்தால் முடிந்தாலும் உண்டு. ஒப்பந்தம் பயனற்றுப் போய் முடிவது சட்டத்தின் இயக்கத்தால் முடிவதுதான். எனவே நிர்வாகத்தின் வாதத்தை முழுவதுமாக ஏற்றுக்கொண்டாலும், நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் அந்தக் காசு வந்தாக வேண்டும். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் அப்படியே. வெளியார் உற்பத்தி முறைக்கு மாறச் சொல்லும் துரையிடம், இதுவரை செய்த வேலைக்கான சர்வீஸ் காசு எப்போது, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

வேலை நின்றுவிட்டால் காலத்தையும் கடத்தாதீர்கள். தொழில் நியாயசபைக்கு முறையிட ஆறு மாதம்தான். அடுத்த முறை பிரட்டுக்களப் பலகையில் "எமது கட்டுப்பாட்டை மீறிய காரணங்களால்" என்ற தாளைக் கண்டால் அதைப் படம் எடுத்துச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்தத் திகதியில் நடந்தது, எந்தப் பந்தியில் எழுதியிருக்கிறது, யாருடைய கையால் வந்தது, முடியவில்லையா கட்டுப்படியாகவில்லையா என்ற நான்கு கேள்வியையும் எழுதி, நிர்வாகத்திடம் எழுத்தில் பதில் கேட்போம்.